பதினொரு தாளில் 120/80

அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் தேர்வுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இருபத்துநான்கு மாணவிகளும் ஒரே நாளில், எங்கள் வாட்ச்மேன் அண்ணன் ஒருவருக்கே பிரஷர் பார்த்து எழுதியிருந்தார்கள். பதினொரு தாளில் 120/80. ஆறு தாளில் 110/70. இன்னும் ஆறு தாளில் 124-க்கும் 130-க்கும் இடையே ஏதோ ஓர் எண். ஒரே ஒரு தாளில் மட்டும் 148/94 என்று இருந்தது.

முதலில் அந்த ஒரு தாள்தான் தப்பு என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஐந்து நிமிடம் கழித்து நானே பார்த்தேன். 146/92. ஒரு நிமிடம் விட்டுத் திரும்பப் பார்த்தேன். 144/92.

"காலையில இருந்து எல்லாப் பாப்பாங்களும் நார்மல்னுதானேம்மா சொன்னாங்க?" என்றார் அவர்.

அந்த 148/94 எழுதிய மாணவிக்கு நாங்கள் போட்ட மார்க் இருபதுக்குப் பன்னிரண்டு. சிரித்து வணக்கம் சொல்லவில்லை, செய்யப் போவதை விளக்கவில்லை, முடிந்ததும் நன்றி சொல்லவில்லை என்றெல்லாம் வெட்டியிருந்தோம். பதினெட்டு வாங்கி முதலிடத்தில் இருந்தவளின் தாளில் 120/80. தருமபுரி பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கும் எனக்கு, நாங்களே உட்கார்ந்து எழுதிய மதிப்பெண் பட்டியல் எதை அளக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கேட்காமலேயே கேட்டதுபோல் நடிக்கத் தெரிந்தவள் அதில் ஜெயித்துவிடுவாள்.

நாங்கள் நடத்துவது ஓஸ்கி முறைத் தேர்வு. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் எழுதி அறிமுகப்படுத்தியது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, மணி அடித்தால் அடுத்த மேசை. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே பட்டியல் என்பதால் தேர்வாளரின் விருப்பு வெறுப்பு குறையும். அதெல்லாம் சரிதான். ஆனால் பட்டியலில் நாம் எதை எழுதுகிறோமோ அதைத்தான் மாணவி படித்துக்கொண்டு வருவாள். எங்கள் பழைய பட்டியலில் இருபது வரி, வரிக்கு ஒரு மார்க். 'கஃப் கட்டினாள்' ஒன்று, 'ஸ்டெத்தாஸ்கோப் வைத்தாள்' ஒன்று, 'அளவைச் சொன்னாள்' ஒன்று. என்ன அளவைச் சொன்னாள் என்று கேட்கும் வரி ஒன்றுகூடக் கிடையாது.

இதை மாற்றி எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதில் கற்றுக்கொண்டதை, இதே மாதிரி மேசை போடப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எழுந்த கேள்வி, மாணவி சொல்லும் எண் சரியா என்று தேர்வாளருக்கு எப்படித் தெரியும் என்பது. காலையிலேயே நாம் ஒரு தடவை பார்த்து அதையே விடையாக வைத்துக்கொள்ளலாம் என்றார் சக ஆசிரியர் ஒருவர். செய்து பார்த்தோம், சரிவரவில்லை. பிரஷர் ஓர் இடத்தில் நிற்கிற எண் இல்லை. காலை ஒன்பது மணிக்குப் புது இடம், கூட்டம், பதற்றம். பதினொன்றரை மணிக்கு அதே ஆள் பழகி, சாய்ந்து, பாதித் தூக்கத்தில் இருப்பார். எங்கள் கேன்டீன் அக்காவுக்குக் காலையில் 138/86 இருந்தது, பதினொன்றரைக்கு 124/80. காலையில் எடுத்ததே விடை என்றால், பின்னால் வந்து சரியாகக் கேட்ட அத்தனை பேரும் தோற்றிருப்பார்கள்.

இதற்கு ஒரே வழி, மாணவி கேட்கும் அதே நொடியில் தேர்வாளரும் அதே சத்தத்தைக் கேட்பது. இரண்டு பேர் காதில் மாட்டுகிற மாதிரி, ஒரே தலையிலிருந்து இரண்டு குழாய் பிரிகிற டீச்சிங் ஸ்டெத்தாஸ்கோப் இருக்கிறது. அதை வாங்கினோம். சத்தம் இரண்டாகப் பிரிவதால் சாதாரண ஸ்டெத்தை விடக் கொஞ்சம் மெல்லியதாகக் கேட்கும். அதனால் தேர்வு நாளில் அதை முதன்முதலாக மாணவியின் காதில் மாட்டக் கூடாது. ஒரு வாரம் முன்பே லேபில் பழக விட வேண்டும். எங்கள் முதல் முயற்சியில் இதைச் செய்யவில்லை. "மேடம், இதுல ஒண்ணுமே கேக்கல" என்று மூன்று பேர் அழுதே விட்டார்கள்.

இப்போது இரண்டு எண்கள் கைக்கு வந்துவிட்டன, மாணவியுடையது ஒன்று, தேர்வாளருடையது ஒன்று. வித்தியாசம் 4 மி.மீ.-க்குள் இருந்தால் முழு மார்க். மேல் எண்ணுக்கு இரண்டு, கீழ் எண்ணுக்கு இரண்டு. நடுவில் ஒரு மார்க் தருவதில்லை. முள் ஓடும் கருவியில் ஒரு கோடு 2 மி.மீ., ஆகவே இரண்டு கோடு வரை தள்ளிப்போவது மனிதக் காதுக்கும் கண்ணுக்கும் உள்ள நியாயமான இடைவெளி. அதைத் தாண்டினால் அவள் வேறு எதையோ கேட்டிருக்கிறாள், அல்லது எதையும் கேட்கவில்லை.

இங்கே தேர்வாளருக்கு ஒரு கண்டிப்பான விதி வைத்தேன். மாணவி வாயைத் திறப்பதற்கு முன்பே தேர்வாளர் தன் எண்ணைத் தாளில் எழுதி, அட்டையால் மூடிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நானே என்னிடம் பார்த்தேன். 138 கேட்ட மாதிரி இருந்தது. மாணவி உறுதியான குரலில் "130" என்றாள். உடனே எனக்கும் 132, 134 என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. நல்ல பிள்ளை, தப்பாகச் சொல்ல மாட்டாள் என்ற எண்ணம் காதையே மாற்றிவிடுகிறது.

இரட்டை ஸ்டெத் வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தோம், தீரவில்லை. அந்த வருடம் ஏழாம் எண் மாணவி பிரஷர் பார்த்ததை முழுதாகச் சொன்னால்தான் அது புரியும்.

அவள் வாட்ச்மேன் அண்ணனுக்கு வணக்கம் சொன்னாள், பெயர் கேட்டாள், சம்மதம் கேட்டாள். அரை மணி நேரத்துக்குள் டீ குடித்தீர்களா, புகையிலை போட்டீர்களா, சிறுநீர் போய்விட்டு வந்தீர்களா என்று கேட்டாள். கால் மேல் கால் போட்டிருந்தவரை இறக்கி வைக்கச் சொன்னாள், முதுகைச் சாய்க்கச் சொன்னாள். இரண்டு கஃபில் சரியானதை எடுத்தாள். முதலில் நாடியைத் தொட்டுப் பார்த்து அளந்தாள், முழுக்க இறக்கி அரை நிமிடம் விட்டாள், பிறகு ஸ்டெத்தை வைத்தாள். காற்றை அளவாக இறக்கினாள். 152/96 என்றாள். மூடி வைத்திருந்த தேர்வாளர் தாளில் 150/94. நான்குக்கு நான்கு.

ஆனால் அவ்வளவு நேரமும் அண்ணனின் கை அவர் மடியில் கிடந்தது. கை இதயத்தை விடத் தாழ்ந்திருந்தால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் முக்கால் மி.மீ. அளவு பிரஷர் கூடித் தெரியும். பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் கிட்டத்தட்ட எட்டு. அவள் போன பிறகு கையைத் தலையணை மேல் ஏற்றி வைத்துப் பார்த்தோம், 142/86. மாணவியும் தேர்வாளரும் ஒரே எண்ணைத்தான் கேட்டார்கள். இருவரும் கேட்டது, தப்பாக வைத்த கையின் எண்.

இரட்டை ஸ்டெத் பிடித்துக் கொடுப்பது காதின் தப்பை மட்டும்தான். தாழ்ந்த கை, சின்ன கஃப், சட்டை மேலேயே கட்டிய கஃப் இதெல்லாம் தேர்வாளர் காதிலும் அதே பொய்யைத்தான் சொல்லும். அவற்றைக் கண்ணால் மட்டுமே பிடிக்க முடியும். அதனால் மார்க்கை இரண்டு குவியலாகப் பிரித்தேன். ஒன்று சத்தம் வருவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரிவது, மற்றது சத்தத்தோடு சேர்ந்தது. பட்டியல் கடைசியில் இப்படி நின்றது:

வணக்கம், பெயர், சம்மதம் – 1
டீ, புகையிலை, ஓட்ட நடை, சிறுநீர் பற்றிக் கேட்டது – 1
முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால் பிரித்து – 1
வெறும் கை, இதய மட்டத்தில், தாங்கலோடு – 2
சரியான அளவு கஃப் – 2
கஃப் கட்டிய இடமும் இறுக்கமும் – 2
நாடி பார்த்து மேல் எண்ணை அளந்தது – 3
அதற்கு மேல் 30 ஏற்றியது – 1
விநாடிக்கு 2 முதல் 3 வீதம் இறக்கியது – 2
மேல் எண் 4-க்குள் – 2
கீழ் எண் 4-க்குள் – 2
எந்தக் கை, எந்த நிலை, இரட்டைப்படை எண்ணாகப் பதிவு, நோயாளியிடம் சொன்னது – 1

ஏழாம் எண் மாணவிக்குக் கையில் இரண்டும் போனது. கஃபுக்குள் இருக்கும் பையின் நடுப்பகுதி நாடிக்கு நேராக இல்லாததால் கட்டிய இடத்தில் ஒன்று போனது. ஆக மொத்தம் 17. எண்ணே எட்டு கூடுதலாக வந்திருக்கும்போது, எண்ணுக்கான நான்கு மார்க்கையும் ஏன் கொடுத்தீர்கள் என்று சண்டை வந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் காது சரியாக வேலை செய்கிறது, கை வைப்பதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்தத் தாளே சொல்கிறது. ஒரே தப்புக்கு இரண்டு இடத்தில் வெட்டினால் அந்தச் செய்தி தாளிலிருந்து அழிந்துபோகும்.

கை தாங்கலுக்கு இரண்டு மார்க் வைத்தால் மட்டும் போதாது, தப்பு நடக்க மேசையில் இடம் இருக்க வேண்டும். முதல் வருடம் நாங்களே மேசையை அழகாகப் போட்டு, தலையணை வைத்து, கையை அதன் மேல் வைத்துத் தயாராக உட்கார வைத்திருந்தோம். மாணவி செய்ய வேண்டியதை நாங்கள் செய்துவிட்டு அதற்கு மார்க்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது நோயாளியாக உட்காருபவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்: ஒவ்வொரு மாணவி உள்ளே வரும்போதும் நாற்காலியின் நுனியில் உட்காருங்கள், கால் மேல் கால் போடுங்கள், கை மடியில் இருக்கட்டும், சட்டைக் கை முழங்கை வரை இருக்கட்டும். அவளாகச் சொன்னால் மட்டும் மாற்றுங்கள். அளக்கும்போது ஒரு தடவை "மழை வருமா கண்ணு?" என்று பேச்சுக் கொடுங்கள். பேசாமல் இருக்கச் சொல்கிறாளா என்று பார்ப்பதற்காக இது. பட்டியலில் தனி மார்க் இல்லை, ஆனால் பதில் பேசிக்கொண்டே அளப்பவளின் எண் பெரும்பாலும் தள்ளித்தான் வருகிறது.

டீயையும் புகையிலையையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். 'புகைப்பிடிப்பீர்களா' என்று கேட்டால் இல்லை என்பார் ஒருவர். அவர் கன்னத்தில் வெற்றிலையோடு புகையிலை அடக்கியிருக்கும். ஓசூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தெலுங்கிலோ கன்னடத்திலோ கேட்டுவிடுவார்கள், அதற்கும் மார்க் உண்டு.

கஃப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் பை கையின் சுற்றளவில் எண்பது சதவீதத்தைச் சுற்ற வேண்டும், அகலம் நாற்பது சதவீதம். கேன்டீன் அக்காவின் மேல்கை 35 சென்டிமீட்டர். அதற்கு 28 சென்டிமீட்டர் நீளப் பை வேண்டும். எங்களிடம் எப்போதும் இருந்த கஃபில் பை 23 தான். சின்ன கஃபைப் பெரிய கையில் கட்டினால் எண் கூடித் தெரியும். அக்காவுக்கு இல்லாத பிரஷரை நாங்களே உண்டாக்கிக்கொண்டிருந்தோம். இப்போது மேசையில் இரண்டு அளவு கஃப், ஓர் அளவு நாடா இருக்கின்றன. கஃபின் மேல் அச்சிட்டிருந்த சைஸ் பெயரை மட்டும் பிளாஸ்டர் ஒட்டி மறைத்துவிட்டோம். ஓரத்தில் இருக்கும் குறிக்கோடு எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்தோ, நாடாவால் அளந்தோ அவள் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டும்போது கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே, ஸ்டெத்தின் தலை கஃபுக்குள் நுழையாமல்.

நாடி பார்த்து அளப்பதற்கு மூன்று மார்க் ஏன் என்று புதிதாக வரும் தேர்வாளர்கள் கேட்கிறார்கள். 1905-இல் கொரோட்காஃப் சொன்ன சத்தங்கள் சிலருக்கு நடுவில் காணாமல் போய்த் திரும்ப வரும், குறிப்பாகப் பிரஷர் அதிகமாக உள்ள வயதானவர்களுக்கு. 170-இல் ஆரம்பித்த சத்தம் 150-இல் நின்று 130-இல் மறுபடி கேட்கிறது என்று வையுங்கள். நாடி பார்க்காமல் குத்துமதிப்பாக 145 வரை ஏற்றியவள் 130 என்று எழுதுவாள். 170 உள்ள ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு ஏற்றினால், நாடி மறையும் இடம் விரலுக்கே தெரிந்துவிடும். அதற்கு மேல் 30. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் தேர்வாளர்கள் இந்த இடத்தில் ஏமாறுவார்கள். விரலை மணிக்கட்டில் வைத்திருப்பாள், கண் முள்ளில் இருக்காது. அதனால், நாடி மறைந்த எண்ணை அவள் வாய்விட்டுச் சொன்னால் மட்டுமே மூன்று மார்க் என்று எழுதினேன். மாணவிக்கான குறிப்பிலும் அதைச் சொல்லிவிட்டோம்.

நான் வருத்தப்பட்டது நேரம் விஷயத்தில். முதல் வருடம் மேசைக்கு ஐந்து நிமிடம். எல்லா மேசைக்கும் அதுதான், மணி அடிப்பவருக்கு வசதி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேசி, உட்கார வைத்து, கையை ஏற்றி வைக்க ஒன்றரை நிமிடம். கஃப் தேர்ந்தெடுத்துக் கட்ட ஒன்று. நாடி பார்க்க ஒன்று, இறக்கிவிட்டுக் காத்திருக்க அரை. 180 வரை ஏற்றியதைச் சரியான வேகத்தில் இறக்க முக்கால் நிமிடத்துக்கு மேல். எழுதி, சொல்ல ஒரு நிமிடம். ஆறு நிமிடம் ஆகிறது. ஐந்து நிமிடத்தில் மிச்சம் பிடிக்க மாணவிகளுக்குத் தெரிந்த ஒரே வழி காற்றைப் படக்கென்று திறந்து விடுவது. வருடம் முழுக்க மெதுவாக இறக்கு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, தேர்வில் வேகமாக இறக்கு என்று நாங்களே கட்டாயப்படுத்தியிருக்கிறோம். இப்போது எட்டு நிமிடம். ஓய்வுக்கான ஐந்து நிமிடத்தை இதற்குள் கொண்டுவர முடியாது. அதனால் 'இவர் ஐந்து நிமிடமாக அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்' என்று குறிப்பில் எழுதிவிடுகிறோம்.

வேகத்தை எப்படி மதிப்பிடுவது? 'மெதுவாக இறக்கினாள்' என்று பட்டியலில் எழுதினால் ஒருவருக்கு மெதுவாகத் தெரிவது இன்னொருவருக்கு வேகம். தேர்வாளர் கையில் வாட்சைக் கொடுத்தோம். முள் 180-லிருந்து 120-க்கு வர 20 முதல் 30 விநாடி ஆக வேண்டும். 15-க்குக் கீழே முடிந்தால் பூஜ்யம். நாடி நிமிடத்துக்கு 60 என்றால் விநாடிக்கு ஒரு துடிப்பு, ஒரு சத்தம். விநாடிக்கு 8 மி.மீ. இறங்கினால் ஒரு சத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு கோடு ஓடிப்போயிருக்கும். எவ்வளவு நல்ல காதாக இருந்தாலும் அதில் சரியான எண் கிடைக்காது, தேர்வாளர் காதுக்கும் கிடைக்காது. ஆகவே குறிப்பில் தெளிவாக எழுதினேன்: உங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாத வேகத்தில் அவள் இறக்கினால், உங்கள் கட்டத்தில் 'கேட்க முடியவில்லை' என்று எழுதுங்கள். எண்ணுக்கான நான்கும் பூஜ்யம்தான், சந்தேகத்தின் பலன் கிடையாது.

தேர்வாளர்களையும் சோதிக்க வேண்டியிருந்தது. தேர்வுக்கு முந்தைய நாள் இரண்டிரண்டு பேராக இரட்டை ஸ்டெத்தை மாட்டி, மூன்று பேருக்குப் பிரஷர் பார்த்து, தனித்தனியாக எழுதச் சொன்னேன். அனுபவம் மிகுந்த ஓர் ஆசிரியையின் கீழ் எண் மட்டும் எல்லோரையும் விட எட்டு, பத்து கூடுதலாகவே வந்தது. காதில் குறை இல்லை. சத்தம் மங்கும் இடத்தையே கீழ் எண்ணாக எடுக்க அவருக்கு அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சத்தம் முற்றிலும் மறையும் இடம்தான் கீழ் எண், கடைசி வரை மறையாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் மங்கும் இடம் என்று பேசி முடிவெடுத்தோம். அன்று பார்க்காமல் விட்டிருந்தால், அவர் மேசைக்குப் போன பன்னிரண்டு பேரும் கீழ் எண்ணில் இரண்டு மார்க் இழந்திருப்பார்கள், ஏன் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கருவிக்கும் அதே நாளில் சோதனை. பாதரசக் கருவிகளை ஓரங்கட்டிவிட்டு இப்போது முள் கருவிதான். காற்று முழுக்க வெளியேறிய பிறகு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் நான்கில் ஒன்று 6-இல் நின்றது, எடுத்து வைத்துவிட்டோம். கஃபைத் தண்ணீர் பாட்டிலில் சுற்றி 200 வரை ஏற்றி, திருகை மூடி ஒரு நிமிடம் பார்த்தால் காற்றுக் கசிகிறதா என்று தெரிந்துவிடும். கசியும் கருவியில் மாணவி திருகைத் தொடாமலேயே முள் ஓடும், வேகத்துக்கான மார்க் அவள் கையில் இருக்காது. அறையையும் மாற்றினோம். பக்கத்து மேசையில் ஒருத்தி சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தால் இங்கே கீழ் எண் கேட்காது. பழைய ரெக்கார்டு அறை கடைசியில் இருந்தது, ஃபேனை நிறுத்தினாலும் காற்று வரும்.

கை கொடுக்கிறவரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். இருபத்துநான்கு மாணவிகள், ஆளுக்கு இரண்டு தடவை ஏற்றினால் ஒரே கையில் நாற்பத்தெட்டு தடவை. முதல் வருடம் அண்ணன் கையில் சிவப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. இப்போது இரண்டு பேர் மாறி மாறி உட்காருகிறார்கள், ஆறு மாணவிக்கு ஒரு முறை கை மாற்றம், இடைவேளை, மோர். முந்தைய நாளே இருவருக்கும் பார்த்து, சம்மதம் வாங்கிக்கொள்கிறோம். டயாலிசிஸ் குழாய் வைத்த கை, மார்பக அறுவை நடந்த பக்கம் இருந்தால் அவர்களை எடுப்பதில்லை. தேர்வின்போது 180/120-ஐத் தொட்டால் மேசை நிற்கும், அவர் மருத்துவரிடம் போவார். இதையும் தேர்வாளர் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

தேர்ச்சிக்கு எத்தனை? மார்க்கைத் தவிர, தேர்வாளர் தனியாக ஒரு கட்டத்தில் டிக் போடுவார்: தேறவில்லை, விளிம்பில் இருக்கிறாள், தேறினாள். மார்க்கைக் கூட்டுவதற்கு முன்பே போட வேண்டும். அந்த வருடம் விளிம்பில் என்று டிக் வாங்கியவர்கள் ஐந்து பேர். அவர்கள் மார்க் 10, 12, 11, 13, 12. சராசரி 11.6, ஆகவே 12. ஐந்து பேரை வைத்து எடுத்தது என்பதால் இதை நான் பெரிதாக நம்புவதில்லை, இருந்தாலும் பாதி மார்க் பாஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதை விட மேல். அதோடு இன்னொரு நிபந்தனையும் சேர்த்தேன். எண்ணுக்கான நான்கில் குறைந்தது இரண்டு வாங்காமல் இந்த மேசையில் தேற முடியாது. கடுமை என்றார்கள். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இன்று பாலக்கோட்டிலும் அரூரிலும் வீட்டுக்கே மாத்திரை போவது ஒருவர் வாசலில் உட்கார்ந்து எழுதும் அந்த இரண்டு எண்ணை நம்பித்தான். எண் தெரியாதவளைச் சிரிப்புக்காக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

தேர்வாளர் குறிப்பில் கடைசியாகச் சேர்த்த வரி ஒன்று உண்டு. போன வருடம் பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, கூச்ச சுபாவம், எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் காற்றை முழுக்க இறக்கினாள். முகம் வெளுத்துவிட்டது. தேர்வாளராக நான்தான் இருந்தேன், என் தாளில் 128/82 எழுதி மூடியிருந்தேன். அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

"மேடம், கீழ் எண் சரியா கேக்கல. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பாக்கலாமா?"

தலையாட்டக் கூடாது, பதில் சொல்லக் கூடாது என்று நானே எழுதிய விதி. மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அக்காவிடம் திரும்பி, "அக்கா, கையை அப்படியே வெச்சுக்கோங்க, இன்னொரு வாட்டி பாத்துக்கறேன்" என்றாள். மணி அடிக்க இரண்டரை நிமிடம் இருந்தது. வாட்சைப் பார்த்து ஒரு நிமிடம் விட்டாள். அடுத்த தடவை நான் எழுதியது 126/82. அவள் சொன்னது 126/80.

அன்று சாயங்காலமே தேர்வாளர் குறிப்பில் எழுதினேன்: 'கேட்கவில்லை என்று சொல்லி, ஒரு நிமிடம் விட்டு மாணவி தானாக மறுபடி அளந்தால், இரண்டாவது அளவுக்கே முழு மார்க். முதல் தடவைக்காக எதையும் வெட்டக் கூடாது. இதை அறிவுறுத்தல் அட்டையில் மாணவிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.'